படைப்புக் கதைகள் ஒப்பீட்டு அட்டவணை: மூன்று சமயத்திலும் ஒரே களிமண்ணா?

உவர்மலை டீச்சர் | மார்ச் 3, இரவு 9.15

லண்டனில் இருக்கும் அக்காவின் மகளுக்கு இந்த வருசம் ஜிசிஎஸ்இ. சமயக் கல்விப் பாடத்தில் 'தோற்றமும் பொருளும்' என்று ஒரு பகுதி இருக்கு. உலகமும் மனிசரும் எப்படி வந்தது, அதனால் வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று சமயங்கள் சொல்வதை ஒப்பிட்டு எழுத வேணும். பிள்ளை ஒரு அட்டவணை செய்து, "சித்தி, பார்த்துத் திருத்தி அனுப்புங்கோ" என்று போட்டிருக்கிறாள்.

நிரல்கள் ஐந்து: கிறிஸ்தவம், யூதம், இஸ்லாம், இந்து, பௌத்தம். நிரைகள் நாலு: யார் படைத்தார், எத்தனை நாளில், எதிலிருந்து, மனிதன் எப்படி வந்தான்.

'எதிலிருந்து' என்ற நிரையில் கிறிஸ்தவம், இஸ்லாம், இந்து மூன்றுக்கும் 'களிமண்' என்று எழுதிவிட்டு, கீழே முடிவாக "மூன்று சமயங்களும் கடவுளைக் குயவராகப் பார்க்கின்றன, ஆகவே படைப்புப் பற்றிய கருத்து ஒன்றே" என்று போட்டிருக்கிறாள். ஆதாரமும் வைத்திருக்கிறாள். ஏசாயா 64இல் "நாங்கள் களிமண், நீர் எங்கள் குயவர்" என்று வருது. குர்ஆன் 55:14 மனிதன் மட்பாண்டம் போன்ற களிமண்ணால் படைக்கப்பட்டதைச் சொல்லுது. சைவத்துக்கு நான் சின்ன வயசில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த குயவன், மண், திரிகை.

மூன்று ஆதாரமும் உண்மையானவை. முடிவுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே நாலு சமயத்து ஆட்களும் இருக்கிறீங்கள். ஒவ்வொருவரும் உங்கட களிமண்ணைப் பற்றிச் சொல்லுங்கோ.

நிலாவெளிப் பொடியன் | மார்ச் 3, இரவு 9.40

டீச்சர், ஓ/எல் சைவநெறிப் பேப்பர்ல இது வராது. மற்றச் சமயம் ஒண்டும் கேக்க மாட்டாங்கள். நான் போன முறை எழுதினனான். நாயன்மார், திருமுறை, கோயில் கிரியை, முப்பொருள், இவ்வளவும் பாத்தாக் காணும். தங்கச்சியை வீணாக் கஷ்டப்படுத்தாதேங்கோ.

உவர்மலை டீச்சர் | மார்ச் 3, இரவு 9.52

தம்பி, இது எங்கட ஓ/எல் இல்லை, இங்கிலாந்துப் பரீட்சை. இங்கே அவரவர் தன் சமயத்தை மட்டும் படிக்கிறம். அங்கே வகுப்பில் எல்லாரும் ஒரே பாடத்தில் இரண்டு சமயமாவது படிக்கினம். ஆனால் நீங்கள் கடைசியில் சொன்ன 'முப்பொருள்' இந்த அட்டவணைக்குக் கட்டாயம் தேவை. அதை மறக்காமல் வையுங்கோ.

டொக்யாட் வீதி | மார்ச் 4, காலை 7.05

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? நேரடியா எழுதலாம். பைபிள்: 6 நாள். குர்ஆன்: 8 நாள் (41ஆம் அத்தியாயத்தில 2, 4, 2 எண்டு கூட்டிப் பாருங்கோ). இந்து: பிரம்மா படைக்கிறார், விஷ்ணு காக்கிறார், சிவன் அழிக்கிறார், காலம் 432 கோடி வருசம். பௌத்தம்: படைப்பு இல்லை, கோடு போட்டு விடலாம். லண்டனில திருத்திறவைக்கு இது போதும்.

கிண்ணியா நானா | மார்ச் 4, காலை 11.30

டொக்யாட் தம்பிக்கு: எட்டு நாள் இல்லை. குர்ஆன் 7:54, 50:38 ரெண்டுலயும் ஆறு நாள் எண்டு தெளிவா இருக்கு. நீங்க சொல்ற 41:9 முதல் 12 வரைக்கும் பூமி ரெண்டு நாள்ல, அதுல மலையும் உணவும் வச்சது நாலு நாள்ல, ஏழு வானம் ரெண்டு நாள்ல எண்டு வருது. அந்த நாலுக்குள்ள முதல் ரெண்டும் அடக்கம் எண்டுதான் விரிவுரை எழுதினவங்க காலாகாலமா விளக்கி இருக்காங்க. 'திருமலையிலிருந்து ஹபரணைக்கு ரெண்டு மணித்தியாலம், கொழும்புக்கு ஏழு மணித்தியாலம்' எண்டா ஒம்பது எண்டு கூட்ட மாட்டோம்தானே.

டீச்சர், களிமண்ணுக்கு வாறன். 15:26, 55:14 ரெண்டும் மனுசனைப் படைச்சதைப் பத்தித்தான் பேசுது. உலகத்தைக் களிமண்ணால செஞ்சதா எங்கயும் இல்லை. உலகத்துக்கு 2:117, 36:82 பாருங்க. அல்லாஹ் ஒரு விசயத்தை நாடினா 'ஆகு' எண்டு சொல்றது, அது ஆகிரும். அந்தக் களிமண்ணும் அப்பிடி ஆனதுதான். அவனோட கூடவே ஆதியில இருந்த மண் எண்டு ஒண்டு எங்களுக்கு இல்லை. அப்பிடிச் சொன்னா ஈமானுக்கே இடிக்கும்.

அதோட ஒரு வித்தியாசமும் எழுதச் சொல்லுங்க. தொடக்க நூலில ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்திருந்தார் எண்டு வருது. 50:38 ஆறு நாளைச் சொன்ன கையோட 'எந்தக் களைப்பும் நம்மைத் தொடவில்லை' எண்டு முடியுது. 'ரெண்டுலயும் ஆறு நாள், ஆகவே ஒண்டு' எண்டு எழுதிற பிள்ளைகள் இதை விட்டுருவாங்க.

உவர்மலை டீச்சர் | மார்ச் 4, மாலை 6.20

நானா, அருமை. நீங்கள் சொன்னதால் 'எதிலிருந்து' நிரையை இரண்டாகப் பிரிக்கிறன்: உலகம் எதிலிருந்து, மனிதன் எதிலிருந்து. ஒரே நிரையாக இருந்ததால்தான் பிள்ளை மனிதனின் களிமண்ணை உலகத்தின் களிமண்ணோடு குழப்பியிருக்கிறாள். இஸ்லாத்தில் களிமண் இரண்டாவது நிரைக்கு உரியது. சைவத்தின் குயவன் உவமையில் வரும் மண் முதல் நிரைக்கு உரியது. பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலும் அவை வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

மரியாள் கோயிலடி | மார்ச் 5, மதியம் 1.10

நான் மறைக்கல்வி படிப்பிக்கிறனான். கிறிஸ்தவ நிரலிலும் அதே சிக்கல் இருக்கும், பாருங்கோ. 'ஆறாம் நாளில் மண்ணால் படைத்தார்' எண்டு பிள்ளை எழுதியிருந்தா அது இரண்டு கதையைச் சேர்த்துக் கட்டினது. தொடக்க நூல் முதல் அதிகாரத்தில் ஆறு நாள் கணக்கு உண்டு. அங்கே மனிதர் கடைசியாக, ஆணும் பெண்ணுமாக, கடவுளின் சாயலில் வருகினம். மண் எண்டு பேச்சே இல்லை. இரண்டாம் அதிகாரத்தில் நாள் கணக்கு இல்லை. அங்கே மனிதன் முதலில் மண்ணிலிருந்து வாறார், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில் விலா எலும்பிலிருந்து பெண். வரிசையே வேற. வகுப்பில் நான் இரண்டையும் வாசிக்க வைச்சுப் படமாகக் கீறச் சொல்லுவன். கீறும்போதுதான் பிள்ளையள் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்குங்கள்.

'உலகம் எதிலிருந்து' எண்டதுக்கு எங்கள் திருச்சபைப் பதில் 'ஒன்றுமில்லாமையிலிருந்து'. ஆனால் தொடக்க நூலின் முதல் வரிகள் அதை அப்படியே சொல்லேல்லை. அங்கே இருளும் ஆழமும் தண்ணீரும் இருக்கு. வெளிப்படையாகச் சொல்லுறது மக்கபேயர் இரண்டாம் நூல் 7:28. ஏழு மகன்களை இழக்கிற தாய், கடைசி மகனைப் பார்த்து, வானத்தையும் மண்ணையும் பார், கடவுள் இவற்றை இருந்தவற்றிலிருந்து உண்டாக்கவில்லை எண்டு சொல்லுறா.

டொக்யாட் வீதி | மார்ச் 5, மதியம் 1.45

எங்கட பைபிளில மக்கபேயர் எண்டு ஒரு புத்தகமே இல்லையே அக்கா.

மரியாள் கோயிலடி | மார்ச் 5, மதியம் 2.00

நீங்கள் மெதடிஸ்ற் ஆக்கள் போல. உங்கள் ஆதியாகமமும் எங்கள் தொடக்க நூலும் ஒரே நூல். மக்கபேயர் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உண்டு, புரட்டஸ்தாந்துப் பதிப்பில் இல்லை. யூதருடைய எபிரேய மறைநூலிலும் இல்லை. அதால டீச்சர், யூத நிரலுக்கு இந்த வசனத்தை மறைநூல் மேற்கோளாகப் போட விடாதேங்கோ.

உவர்மலை டீச்சர் | மார்ச் 5, இரவு 8.30

நல்ல நேரத்தில் சொன்னீங்கள். அவளுடைய யூத நிரல் முழுக்கக் கிறிஸ்தவ நிரலின் நகல். 'மேலே உள்ளது போலவே' என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள். வசனம் ஒன்றாக இருந்தாலும் அதை வைத்து வாழ்வது வேறு. ஏழாம் நாள் ஓய்வு யூதருக்கு ஒவ்வொரு வெள்ளி மாலையும் தொடங்கும் சபாத். அவர்களின் ஆண்டுக் கணக்கே படைப்பிலிருந்து எண்ணப்படுது. ஆதாமின் பாவம் பிறவியோடு எல்லாருக்கும் ஒட்டி வருது என்ற கிறிஸ்தவக் கொள்கை யூதத்தில் இல்லை. தோட்டத்துக் கதையின் 'பொருள்' அங்கேதான் பிரியுது. இவ்வளவையும் எழுதி அந்த அம்புக்குறியை அழிக்கச் சொல்லியிருக்கிறன்.

ஓய்வுபெற்ற சைவநெறி | மார்ச் 7, காலை 5.50

பிள்ளை, முழுவதையும் வாசித்தேன். உங்கள் பெறாமகளுடைய முடிவு ஏன் தவறு என்பதைச் சைவ சித்தாந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

குயவன் உவமையில் மூன்று காரணங்கள் உண்டு. மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம். இந்த உவமையை நம் ஆசிரியர்கள் எடுத்ததே ஒரு விடயத்தை நிறுவத்தான்: குயவன் மண்ணைப் படைப்பதில்லை. மாயை என்றும் உள்ளது. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அடிப்படை. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்று நிலாவெளித் தம்பி படித்த பாடம் இதுதான்.

கிண்ணியாச் சகோதரர் 'கூடவே ஆதியில் இருந்த மண் எங்களுக்கு இல்லை' என்றார். எங்களுக்கு அது இருந்தே ஆகவேண்டும். பெறாமகள் ஒற்றுமை என்று காட்டிய இடத்தில்தான் இரு சமயங்களும் நேர் எதிராக நிற்கின்றன. அவள் எடுத்த உதாரணத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதையே வேறுபாட்டுக்குச் சான்றாகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மெய்கண்டாருடைய சிவஞானபோதம் முதற் சூத்திரம்: 'அவன் அவள் அதுவெனும் அவைமூ வினைமையின் தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம் அந்தம் ஆதி என்மனார் புலவர்.' உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கி, மலத்தின் காரணமாக மறுபடி தோன்றுகிறது. ஒடுக்குகிறவன் எவனோ அவனே தோற்றத்துக்கும் முதல். ஆகவே டொக்யாட் வீதிக்காரர் சொன்ன 'பிரம்மா படைக்கிறார், சிவன் அழிக்கிறார்' புராணத்தில் உள்ளதுதான், பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சைவ நிரலில் அதை மட்டும் எழுதினால் முதற் சூத்திரமே விழுந்துவிடும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஐந்தும் சிவனுடைய தொழில். பிரம்மா அவன் ஆணையில் செய்பவர்.

டொக்யாட் வீதி | மார்ச் 7, காலை 8.15

சேர், லண்டனில திருத்திறவருக்கு மெய்கண்டார் ஆர் எண்டு தெரியுமோ? அங்கத்தப் பாடப்புத்தகத்தில திரிமூர்த்திதான் போட்டிருப்பினம். பிள்ளைக்குப் புள்ளி முக்கியம்.

ஓய்வுபெற்ற சைவநெறி | மார்ச் 7, காலை 9.00

தெரியாமல் இருக்கலாம். அதற்காகப் பிள்ளை தான் நம்பாத ஒன்றைத் தன் சமயம் என்று எழுத வேண்டுமா?

உவர்மலை டீச்சர் | மார்ச் 7, இரவு 10.05

சேர், நன்றி. 'உலகம் எதிலிருந்து' என்ற நிரையை இப்போது இப்படி எழுதி அனுப்பியிருக்கிறன்:

கிறிஸ்தவம் (கத்தோலிக்கம்): ஒன்றுமில்லாமையிலிருந்து. 2 மக்கபேயர் 7:28.
இஸ்லாம்: இறைவனின் 'ஆகு' என்ற கட்டளையால். 36:82. அவனோடு என்றும் இருந்த பொருள் எதுவும் இல்லை.
சைவ சித்தாந்தம்: என்றும் உள்ள மாயையிலிருந்து. இறைவன் மாயையைப் படைக்கவில்லை, அதிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான்.

நாள் கணக்கு நிரையை எடுத்துவிட்டன். அவள் 6, 6, 432 கோடி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இந்து சமயத்தில் படைக்க அதிக காலம் எடுத்தது" என்று முடித்திருந்தாள். 432 கோடி வருசம் பிரம்மாவின் ஒரு பகல், ஆயிரம் மகாயுகம். உலகம் நிலைத்திருக்கும் காலம் அது. படைக்க எடுத்த காலம் இல்லை. ஒரு பக்கம் வேலை செய்த நாள், மறுபக்கம் ஆயுள். அந்த நிரைக்குப் பதிலாக 'உலகத்துக்குத் தொடக்கம் ஒன்றா, திரும்பத் திரும்பவா' என்று போட்டோம். அப்படிக் கேட்டால் ஐந்து சமயமும் பதில் சொல்லும், ஒரு பெட்டியும் வெறுமையாகக் கிடக்காது.

நிலாவெளிப் பொடியன் | மார்ச் 8, மாலை 4.30

அப்ப எங்கட கோணேசர் கோயிலையும் ராவணன் வெட்டையும் ஒரு பெட்டியில போடுங்கோ டீச்சர். ராவணன் மலையைப் பேத்தவன். லண்டன் ஆக்கள் திருமலையையும் அறியட்டும்.

கிண்ணியா நானா | மார்ச் 8, மாலை 5.15

கன்னியா வெந்நீர்க் கிணறையும் சேத்துக்கோங்க, அதையும் ராவணன்தான் குத்தினான் எண்டு சொல்லுவாங்க. எங்கட சின்ன வயசில மாமா ஆக்களோட சைக்கிள்ல போய் ஏழு கிணத்துலயும் தண்ணி அள்ளி ஊத்துவோம். ஒண்டு மாதிரி மத்தது சுடாது.

ஓய்வுபெற்ற சைவநெறி | மார்ச் 8, இரவு 7.00

தம்பி, அது தலத்தின் கதை. உலகம் உண்டான கதை இல்லை. ராவணன் வரும்போது மலையும் கடலும் கோயிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

உவர்மலை டீச்சர் | மார்ச் 12, இரவு 9.30

பௌத்த நிரல். அதில் 'படைப்பு இல்லை' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. எங்கட ஸ்டாஃப் ரூமில் இருக்கும் சிங்கள டீச்சரிடம் கேட்டன். "படைச்சவர் இல்லை, சரி. ஆனால் கதை இல்லை என்று ஆர் சொன்னது?" என்று அவ சொன்னா. தீக நிகாயத்தின் 27ஆவது சூத்திரமான அக்கஞ்ஞ சூத்திரத்தை எனக்கு இடைவேளையில் விளங்கப்படுத்தினா.

உலகம் சுருங்கி மறுபடி விரியும் காலத்தில் ஒளி உடம்போடு மிதக்கும் உயிர்கள் இருக்கினம். கீழே தண்ணீர், இருள். தண்ணீரின் மேல் பாலாடை போல ஒரு சுவையான மண் படருது. ஒரு உயிர் விரலால் தொட்டு நக்கிப் பார்க்குது. ஆசை பிடிக்குது. மற்றவையும் சாப்பிடத் தொடங்க, உடம்பு தடிக்குது, ஒளி போகுது, அதற்குப் பிறகுதான் சூரியனும் சந்திரனும் தெரியுது. உடம்பில் அழகு, அழகின்மை வந்து கர்வம் வருது. பிறகு நெல், பிறகு சேர்த்து வைக்கிற பழக்கம், எல்லை வேலி, களவு, அடி. கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஒருவரைத் தலைவனாகத் தெரிவு செய்யினம்.

புத்தர் இதைச் சொல்வது பிராமண குலத்தில் பிறந்து பிக்குவாக விரும்பி வந்த வாசெட்டர், பாரத்வாஜர் என்ற இருவருக்கு. பிரம்மாவின் வாயில் பிறந்தவர்கள் நாங்கள் என்று மற்றப் பிராமணர்கள் அவர்களை ஏசினதுக்குப் பதிலாக. அதாவது இது 'உலகம் எப்படி வந்தது' என்பதற்காகச் சொன்ன கதை இல்லை. மனிசரை மேல் கீழ் என்று பிரிச்சது பிறப்பில் வந்ததா, நடத்தையில் வந்ததா என்ற கேள்விக்குச் சொன்னது. உலகம் நித்தியமா, அதற்கு முடிவு உண்டா என்று நேராகக் கேட்டபோது, அம்பு பட்டவன் எய்தவனின் குலம் கேட்டுக்கொண்டு மருத்துவத்தைத் தள்ளிப் போடுவது போல என்று சொல்லி விட்டுவிட்டார். அது வேறு சூத்திரம், மச்சிம நிகாயம் 63.

இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் பௌத்த நிரல் நேர்மையாக இருக்கும். கோடு போட்டால் 8 புள்ளி வினாவில் எழுத ஒன்றுமில்லாமல் போகும்.

உவர்மலை டீச்சர் | மார்ச் 13, காலை 6.10

இரவு முழுக்க இதையே யோசிச்சன். அட்டவணையில் முக்கியமான நிரை ஒன்று இல்லவே இல்லை. பரீட்சைப் பகுதியின் பெயர் 'தோற்றமும் பொருளும்'. அவளுடைய நாலு நிரையும் தோற்றம். பொருள் எங்கே?

அதைத் தனியாகக் கடைசியில் ஒட்டினால் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் பொருள் தோற்றத்திலிருந்து வருது. அதைக் காட்ட நடுவில் ஒரு நிரை வேணும்: 'உயிர் படைக்கப்பட்டதா?' மரியாள் அக்கா, நானா, சேர், உங்கட பக்கத்தை ஒரு வரியில் சொல்லுங்கோ.

மரியாள் கோயிலடி | மார்ச் 13, மதியம் 12.40

படைக்கப்பட்டது. ஒவ்வொரு ஆன்மாவையும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார், பெற்றோர் உண்டாக்குறதில்லை எண்டு எங்கள் மறைக்கல்வி சொல்லுது. தொடக்க நூல் 2:7இல் மண்ணால் உருவாக்கி, மூக்கில் உயிர்மூச்சை ஊதினார்.

கிண்ணியா நானா | மார்ச் 13, பிற்பகல் 2.20

படைக்கப்பட்டது. 32:9 பாருங்க, உருவாக்கி, தன்னுடைய ரூஹிலிருந்து ஊதினான். எதுக்காக எண்டா 51:56: ஜின்னையும் மனுசனையும் தன்னை வணங்கிறதுக்கே அன்றிப் படைக்கவில்லை. 2:30இல பூமியில பிரதிநிதி. நோக்கம் படைச்சவன்கிட்ட இருந்து வருது.

ஓய்வுபெற்ற சைவநெறி | மார்ச் 13, மாலை 6.45

படைக்கப்படவில்லை. பசு அநாதி. ஆணவமலம் அதோடு அநாதியாகவே பொருந்தியிருக்கிறது, செம்பில் களிம்பு போல. இறைவன் மாயையிலிருந்து உயிருக்கு உடம்பு, கருவி, உலகம், நுகர்பொருள் நான்கையும் கொடுக்கிறான், தனு கரண புவன போகம் என்போம். எதற்காக? அந்த உயிர் வினையை அனுபவித்து, மலம் பக்குவப்பட்டு, வீடு அடைய. 'மலத்துளதாம்' என்ற சொல் முதற் சூத்திரத்தில் இருப்பது அதற்காகத்தான். இறைவனுக்கு இதில் தேவை ஒன்றும் இல்லை.

உவர்மலை டீச்சர் | மார்ச் 13, இரவு 10.20

இப்போது நிரைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறங்குது. உயிரே படைக்கப்பட்டது என்றால் 'நான் எதற்கு' என்ற கேள்வியைப் படைத்தவரிடம் கேட்க வேணும். கிறிஸ்தவமும் இஸ்லாமும் அப்படித்தான் பதில் சொல்லுது. உயிர் என்றும் உள்ளது, ஆனால் கட்டுப்பட்டது என்றால், 'உலகம் எனக்கு எதற்கு' என்று கேள்வி திரும்புது. சைவத்தில் உலகம் உயிருக்காகக் கொடுக்கப்பட்ட இடம். பௌத்தத்தில் நிலையான உயிரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. ஆசை எப்படி உலகத்தைத் தடிக்க வைத்தது என்று தெரிந்தால் அதை எப்படி விடுவது என்று தெரியும்.

அக்காவின் மகளுக்கு ஃபோனில் இதைச் சொன்னன். "அப்ப சித்தி, துன்பம் ஏன் இருக்கு என்ற கேள்விக்கும் இதே நிரைதானே பதில்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பாடத்தில் வேறு பகுதியாம். எனக்கு அவள் அதைக் கேட்டதே போதும்.

டொக்யாட் வீதி | மார்ச் 14, காலை 7.20

ஒரு சந்தேகம். 'இந்து' எண்ட நிரலில நீங்கள் சைவ சித்தாந்தத்தை மட்டும் எழுதினா மற்ற இந்துக்கள்? எங்கட ஒஃபிசில ஒரு ஐயர் மாயை பொய்த் தோற்றம் எண்டு சொல்லுவார். அது இதோட ஒத்து வராதே.

ஓய்வுபெற்ற சைவநெறி | மார்ச் 14, காலை 8.40

நல்ல கேள்வி. அவர் சொல்வது அத்துவைதம். அங்கே மாயை வேறு. உபநிடதத்திலேயே வேறு படமும் உண்டு. முண்டக உபநிடதத்தில் சிலந்தி தன்னிலிருந்தே நூலை விட்டுத் தன்னுள்ளே இழுப்பது போல உலகம் வருகிறது என்கிறது. குயவனுக்கு மண் வெளியே இருக்கிறது, சிலந்திக்கு நூல் உள்ளே இருக்கிறது. இருக்கு வேதம் பத்தாம் மண்டலத்தில் புருடனுடைய உடம்பை யாகமாக்கி உலகம் வந்ததாக 90ஆம் பாடல் சொல்கிறது. அதே மண்டலத்தில் 129ஆம் பாடல், இது எங்கிருந்து வந்தது என்று மேலே இருந்து காண்பவனுக்குத் தெரியும், அல்லது அவனுக்கும் தெரியாது என்று நிறுத்திவிடுகிறது. இவை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடைக்க முடியாது.

உவர்மலை டீச்சர் | மார்ச் 14, இரவு 9.10

அதனால் நிரலின் தலைப்பை மாற்றினன். 'இந்து' என்பதை எடுத்துவிட்டு 'இந்து (சைவ சித்தாந்தம்)' என்று போட்டாச்சு. கிறிஸ்தவத்திலும் 'கத்தோலிக்கம்' என்று. யாருடைய கருத்து என்று தலைப்பிலேயே தெரிந்தால், 'எல்லா இந்துக்களும் நம்புகிறார்கள்' என்று பிள்ளை எழுத மாட்டாள். 'பல இந்துக்கள்', 'சைவ சித்தாந்தத்தைப் பின்பற்றுவோர்' என்று எழுதுவாள்.

புள்ளி பற்றிய டொக்யாட் தம்பியின் பயம் எனக்கும் இருக்கு. அதற்கு நான் கண்ட வழி, கருத்தைச் சொல்லும் வசனத்திலேயே அது எந்த மரபு, எந்த நூல் என்று சேர்த்துச் சொல்லிவிடுவது. திருத்துபவருக்கு மெய்கண்டாரைத் தெரியாவிட்டாலும், 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல், இன்னது சொல்லுது, ஆகவே இன்னது என்று தொடர்ந்து வந்தால் வாசிக்க முடியும்.

ஓய்வுபெற்ற சைவநெறி | மார்ச் 15, காலை 6.00

எனக்குச் சம்மதம்.

டொக்யாட் வீதி | மார்ச் 15, காலை 7.30

எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. பரீட்சையில பாடப்புத்தகத்தில உள்ளதை முதலில எழுதட்டும், சித்தாந்தத்தைப் பிறகு சேர்க்கட்டும்.

உவர்மலை டீச்சர் | மார்ச் 24, இரவு 8.50

பயிற்சி விடை வந்தது. வினா: படைப்புப் பற்றி இரண்டு சமயங்களின் நம்பிக்கைகளை விளக்குக. அவள் இஸ்லாத்தையும் சைவத்தையும் எடுத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்:

"முஸ்லிம்கள் அல்லாஹ் 'ஆகு' என்று சொல்ல எல்லாம் ஆனது என்று நம்புகிறார்கள் (36:82). மனிதன் களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டான் (55:14), அந்தக் களிமண்ணும் அவன் படைப்பே. சைவ சித்தாந்தத்தைப் பின்பற்றும் இந்துக்களும் குயவன், களிமண் என்ற படத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் களிமண் என்பது மாயை. அது படைக்கப்படாதது, என்றும் உள்ளது. ஆகவே படம் ஒன்றுபோல் இருந்தாலும் நம்பிக்கை வேறு. முஸ்லிமுக்கு வாழ்க்கையின் நோக்கம் தன்னைப் படைத்தவனை வணங்குவது (51:56). சைவருக்கு உயிர் படைக்கப்படவில்லை, உலகம் அது கட்டிலிருந்து விடுபடுவதற்காகத் தோற்றுவிக்கப்பட்டது."

முதலில் ஒற்றுமை என்று எழுதிய அதே களிமண்ணை எடுத்து வேறுபாட்டைக் காட்டியிருக்கிறாள். சிவஞானபோதத்தின் பெயரை விட்டுவிட்டாள், அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறன்.

கிண்ணியா நானா | மார்ச் 24, இரவு 9.35

மாஷா அல்லாஹ், தெளிவா இருக்கு. ஒரு திருத்தம். 'நோக்கம் வணங்குவது' எண்டு மட்டும் விட்டா தொழுகை மட்டும் எண்டு நினைப்பாங்க. 2:30இல வாற பூமியின் பிரதிநிதிப் பொறுப்பையும் ஒரு வசனத்தில சேத்தா, உலகத்தைப் பேணுறதும் அதுக்குள்ள வரும். தொடக்க நூல் 2:15இல தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கச் சொன்னதோட ஒப்பிடவும் உதவும்.

மரியாள் கோயிலடி | மார்ச் 25, காலை 10.15

2:15ஐ எடுத்தா 1:28ஐயும் எடுக்கவேணும். அங்கே 'கீழ்ப்படுத்துங்கள், ஆளுங்கள்' எண்டு இருக்கு. காக்கிறதை மட்டும் எழுதினா பாதிதான். இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிக்கிறது எண்டு எங்கள் ஆக்களுக்குள்ளேயே ஒரு முடிவு இல்லை. 'பொருள்' நிரையில் அந்த இடத்தை இரண்டு வரியாக விடுங்கோ டீச்சர்.

உவர்மலை டீச்சர் | மார்ச் 25, இரவு 9.00

விட்டிருக்கிறன். கிறிஸ்தவ, யூத நிரல்கள் இரண்டிலும் 1:28, 2:15 மேலும் கீழுமாக. நானா சொன்ன 2:30 பக்கத்தில். புதிய அட்டவணையை நாளைக்கு இங்கேயே போடுறன். சேர், பௌத்த நிரலையும் ஒருக்கால் பாருங்கோ. டொக்யாட் தம்பி, திரிமூர்த்திக்கு ஒரு வரி வைத்திருக்கிறன், சைவ நிரலின் அடியில், புராண வழக்கு என்று பெயர் போட்டு. அது மேலே வரவேணுமா கீழே வரவேணுமா என்று நீங்களும் சேரும் பேசி முடிவெடுங்கோ.